மாலை ஷிப்டுக்கு: கிரைண்டரும் மெஷினும்

தம்பி,

நீ வரும்போது நான் மண்டபம் பஸ்ஸில் இருப்பேன். முதல் ஷாட் போடும் முன் இதைப் படித்துவிடு.

கிரைண்டர் இப்போது 4.6இல் நிற்கிறது. காலை ஆறு மணிக்கு 4.2இல் 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காப்பி 28 வினாடியில் அழகாக இறங்கியது. பத்து மணிக்கு மேல் கொண்டல் காற்று அடிக்கத் தொடங்கியதும் கொட்டையில் ஈரம் ஏறி, அதே எண்ணில் 37 வினாடி இழுத்தது. நாக்கில் ஒட்டும் கசப்பு. இரண்டு முறை சிறிது சிறிதாகத் திறந்து 4.6க்கு வந்தேன், கடைசி ஷாட் 29 வினாடி. இது பகல் இரண்டு மணிக்கான எண் மட்டுமே. தனுஷ்கோடியிலிருந்து திரும்பும் வேன்கள் வந்து கதவு திறந்தே கிடக்கும் நேரத்தில் மறுபடி மாறும். மணிக்கு ஒரு ஷாட்டைத் தராசில் வைத்துப் பார், கட்டாயம் சுவைத்தும் பார். 32 வினாடியைத் தாண்டினால் 0.1 திற, 25க்குக் கீழே வந்தால் 0.1 இறுக்கு. இறுக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் சிக்கிய கொட்டை பிளேடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எண்ணை மாற்றிய பிறகு முதல் இரண்டு அளவுப் பொடியைக் கொட்டிவிடு. கிரைண்டர் வாயில் பழைய பொடி தங்கியிருக்கும்.

ஹாப்பரில் கால் கிலோவுக்கு மேல் போடாதே. மீதி டப்பாவில் இருக்கிறது, மூடியை அழுத்தி மூடு. டிகாஷனுக்கான சிக்கரி கலந்த பொடியை எக்ஸ்பிரஸோ ஹேண்டிலில் யாரும் போட விடாதே. அது ஊறி அடைத்துக்கொள்ளும்.

வலது பக்க ஹெட்டில் கேஸ்கட் தேய்ந்துவிட்டது. ஹேண்டிலை வழக்கத்தைவிடச் சற்று வலப்புறம் தள்ளி இறுக்கினால்தான் ஓரம் கசியாது. புதியதற்கு மதுரையில் சொல்லியிருக்கிறேன். கூட்டம் இருந்தால் இடது பக்கத்தை மட்டும் நம்பு. ஆனால் பத்து நிமிடம் சும்மா நின்றால் இடது பக்கம் அதிகம் சூடாகிவிடுகிறது: ஹேண்டில் போடும் முன் மூன்று வினாடி வெறும் தண்ணீர் விடு. பம்ப் முள் 9இல் நிற்க வேண்டும்.

ஸ்டீம் குழாயின் நான்கு துளைகளில் ஒன்று பாலில் அடைத்திருந்தது, ஊசியால் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி ஆவியை வெளியே விடு. பாய்லருக்குத் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டால் ஆவி தளரும். அப்போது பால் கிண்ணத்தை வைக்காதே, பெரிய பெரிய நுரையாக வரும்.

மின்சாரம் போய் வந்தால் 25 நிமிடம் காத்திரு. விளக்கு முன்பே அணைந்துவிடும், அதைப் பார்த்து ஏமாந்து போட்டால் புளிக்கும். அதுவரை வருகிறவர்களுக்கு டிகாஷன் காப்பி கொடு.

கேன் தண்ணீர் மூன்று இருக்கின்றன. தீர்ந்தால் கடையை முன்னதாக மூடினாலும் சரி, போர் தண்ணீரை மட்டும் ஊற்றாதே. இந்த உப்பு பாய்லரில் படிந்தால் மெஷினே போய்விடும். மூடும்போது இரண்டு ஹெட்டையும் பவுடர் போட்டுக் கழுவு, ஹாப்பரைக் காலி செய்து உலர்ந்த துணியால் துடை. கடைசியாக நீ வைத்த எண்ணை இந்தத் தாளின் கீழே எழுதிவை.

— காலை ஷிப்ட் அக்கா