திருகோணமலைக் களஞ்சியக் கூரைத் திருத்தம்: செப்டம்பர் 26க்குள் தங்கள் முடிவு தேவைப்படுகிறது

பெறுநர்: பொது முகாமையாளர் (செயற்பாடுகள்), தலைமை அலுவலகம், கொழும்பு
பிரதி: பிராந்திய முகாமையாளர், மட்டக்களப்பு
அனுப்புநர்: களஞ்சியப் பொறுப்பாளர், திருகோணமலை
திகதி: 2025 செப்டம்பர் 22

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். திருகோணமலைக் களஞ்சியத்தின் கிழக்குப் பக்கக் கூரையையும் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவிலுள்ள பீலியையும் மழைக்கு முன் திருத்த வேண்டும். மதிப்பீடு 845,000 ரூபாய். எங்கள் பிராந்திய முகாமையாளர் ஒப்பமிடக்கூடிய வரம்பு 500,000 ரூபாய் என்பதால் இதற்குத் தங்கள் அனுமதி வேண்டும். அதற்கான கோப்பு ஏப்ரலில் இங்கிருந்து போனது. அது இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பது எனக்கும் தெரியவில்லை, பிராந்திய அலுவலகத்துக்கும் தெரியவில்லை. ஆகவே நேரடியாகத் தங்களுக்கு எழுதுகிறேன்.

பிராந்திய முகாமையாளருக்குத் தெரியாமல் எழுதும் கடிதம் அல்ல இது. 19ஆம் திகதி வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அவரிடம் சொன்னேன். "சரி, எழுதுங்கோ. எனக்கும் ஒரு பிரதி போடுங்கோ" என்றார். கல்முனையில் புதுக் களஞ்சியம் திறக்கும் வேலை முழுவதும் ஓகஸ்ட் தொடக்கம் அவர் தலையில்தான் இருக்கிறது. அந்த நெருக்கடிக்குள்ளும் நான் எடுத்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அவர்மீது குறை சொல்வது என் நோக்கமல்ல.

அவசரத்துக்குக் காரணம் இரண்டு. முதலாவது மழை. இங்கே மே, ஜூனிலிருந்து கச்சான் காற்று காயக் காய அடிக்கும். கூரை வேலைக்கு ஏற்ற காலம் அதுதான், அது முடியப்போகிறது. ஒக்டோபரில் இடி மழை தொடங்கும். நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்றோடு அடை மழை. கூரையின் பழுதான பக்கம் கிழக்கு, வாடை மழை அடிப்பதும் ஏறக்குறைய அந்தப் பக்கத்தில்தான். எங்களுடையது அஸ்பெஸ்டஸ் கூரை. நனைந்துவிட்டால் வழுக்கும். பழைய தகடு மிதித்தால் உடையும். மழை தொடங்கிய பிறகு எந்தப் பாசும் ஏறமாட்டார், ஏறச் சொல்வதும் சரியல்ல.

இரண்டாவது தீபாவளி. இந்த முறை ஒக்டோபர் 20. மா, சீனி, பருப்பு லொறிகள் 8ஆம் திகதியிலிருந்து வந்திறங்கும். கிண்ணியா, மூதூர், குச்சவெளி, கந்தளாய்க் கடைகளுக்கான சரக்கு முழுவதும் எங்கள் களஞ்சியத்தில்தான் அடுக்கப்படும். அந்த நேரத்தில் கிழக்குப் பக்கத்தை ஒதுக்கி வைக்க எங்களிடம் இடமில்லை. கூரை வேலைக்கு ஏழெட்டு நாள் வேண்டும். ஒப்பந்தக்காரர் செப்டம்பர் 29 திங்கட்கிழமை தொடங்கினால் லொறிகள் வருவதற்குள் முடிக்கலாம். அதற்கு வெள்ளிக்கிழமை 26ஆம் திகதிக்குள் முற்பணம் 253,500 ரூபாய் போக வேண்டும். அவரது விலைமனுவும் 30ஆம் திகதியுடன் காலாவதியாகிறது. ஏற்கனவே ஒருமுறை நீடித்துத் தந்தார். மறுபடி நீடித்தால் பழைய விலைக்குச் செய்ய முடியாது என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறார்.

கடந்த மாரியில் நடந்ததைத் தாங்கள் இழப்பு அறிக்கையில் பார்த்திருப்பீர்கள். 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் பீலி நிரம்பி, தண்ணீர் உட்சுவர் வழியாக இறங்கியது. மா 31 மூடை, சீனி 12 மூடை பழுதாகி, நாலு இலட்சம் ரூபாய்க்கு மேல் பதிவழிக்க வேண்டி வந்தது. அதாவது திருத்தச் செலவில் ஏறக்குறைய பாதி ஒரே வாரத்தில் போனது. கணக்கில் வராததும் ஒன்று உண்டு. ஈரம் பட்ட அடுக்குக்குப் பக்கத்தில் இருந்த நல்ல மூடைகளைக்கூட மூதூர்க் கடைக்காரர் இருவர் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் இன்றைக்கும் மாவை வேறிடத்தில்தான் எடுக்கிறார்.

பழுது புதிதல்ல. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தபோது கிழக்குப் பக்க ஆணிகள் தளர்ந்தன. அப்போது பசை பூசிச் சமாளித்தோம். கடல் காற்றில் ஆணியும் பீலித் தகரமும் துருப்பிடித்து, பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை விழுகிறது. இனியும் பூசுவது காசை மழையில் கரைப்பதுதான்.

இதுவரை செய்த முயற்சிகளைத் திகதிப்படி கீழே தருகிறேன். எல்லாவற்றுக்கும் மின்னஞ்சலோ கூட்டக் குறிப்போ உண்டு, தொலைபேசிப் பேச்சுகளைப் பேசிய அன்றே குறித்து வைத்திருக்கிறேன்.

2025 ஜனவரி 9: இழப்பு அறிக்கையும் படங்களும் பிராந்திய அலுவலகத்துக்கு அனுப்பினேன். 23ஆம் திகதி பிராந்திய முகாமையாளர் நேரில் வந்து, ஏணியில் ஏறிப் பார்த்தார். மழை விட்டதும் மூன்று விலைமனு எடுக்கச் சொன்னார்.

ஏப்ரல் 30: மூன்று விலைமனுக்களும் என் பரிந்துரையும் அனுப்பினேன். 1,260,000 ரூபாய் கேட்டவர் கூரை முழுவதையும் மாற்றச் சொன்னார், இப்போதைக்கு அவ்வளவு தேவையில்லை. 790,000 ரூபாய் மனுவில் பீலி வேலை இல்லை. தண்ணீர் இறங்குவதே பீலியால்தான் என்பதால் மலிவானதைப் பரிந்துரைக்கவில்லை. நடுவிலுள்ள 845,000 ரூபாய் மனுவில் பீலி, ஆணி, உடைந்த தகடுகள் மூன்றும் அடங்கும்.

மே 20: தொலைபேசியில் விசாரித்தேன். புது நிதியாண்டுக்குப் புதிய மூலதனச் செலவுப் படிவம் வேண்டும் என்றார்கள். 23ஆம் திகதி நிரப்பி அனுப்பினேன்.

ஜூன் 17: மட்டக்களப்பு மாதாந்தக் கூட்டத்தில் எழுப்பினேன். 'தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்படும்' என்று கூட்டக் குறிப்பின் 6ஆம் விடயமாகப் பதிவாகியிருக்கிறது.

ஜூலை 15இல் அனுப்பிய நினைவூட்டலுக்குப் பதில் வரவில்லை. 29ஆம் திகதி மறுபடி எழுதினேன், அன்றைக்கே பதில் வந்தது: கோப்பு கொழும்புக்குப் போய்விட்டது, நிதிப் பிரிவில் கேட்கவும்.

ஓகஸ்ட் 6: நிதிப் பிரிவில் கேட்டேன். 12ஆம் திகதி அவர்கள் தேடிப் பார்த்து, அந்தப் படிவ இலக்கத்தில் எதுவும் வந்து சேரவில்லை என்று எழுதினார்கள். பதிலை அன்றே பிராந்திய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். சிக்கல் இங்கேதான் என்று நினைக்கிறேன். அனுப்பியவர்கள் அனுப்பினோம் என்கிறார்கள், பெற வேண்டியவர்கள் பெறவில்லை என்கிறார்கள். இரண்டு பேரும் உண்மையே சொல்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. தபால் பையில் போன கோப்பு வழியில் எங்கோ நின்றுவிட்டது.

செப்டம்பர் 2: முழுக் கோப்பையும் மென்பிரதியாக மறுபடி அனுப்பினேன். 11ஆம் திகதி, முந்திய இரவு பெய்த சிறு தூறலிலேயே உள்ளே ஒழுகிய படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டுப் பிராந்திய முகாமையாளரே அழைத்தார், கல்முனை வேலை முடிந்ததும் எடுப்பதாகச் சொன்னார். அதுவரை மழை பொறுத்திருக்காது என்பதுதான் என் கவலை. 19ஆம் திகதி பேசியதை மேலே எழுதியிருக்கிறேன்.

தாங்கள் செய்யக்கூடியவையாக எனக்குத் தோன்றுவது மூன்று. முழு வேலைக்கும் அனுமதி தருவது என் விருப்பம்.

அவ்வளவு தொகை இப்போது முடியாது என்றால், பீலியையும் அதையொட்டிய தகட்டு வரிசையையும் மட்டும் 320,000 ரூபாய்க்குச் செய்து தருவதாக அதே ஒப்பந்தக்காரர் சொல்கிறார். அந்தத் தொகை பிராந்திய முகாமையாளரின் வரம்புக்குள் அடங்கும். ஆனால் ஒரே வேலையைத் துண்டாக்கி வரம்புக்குள் கொண்டுவரக் கூடாது என்பது நிறுவனச் சுற்றறிக்கை. நான் இதைக் கேட்டபோது அவர் மறுத்ததும் அதனால்தான், அவர் மறுத்தது சரி. தாங்கள் எழுத்தில் சம்மதித்தால் அவரே ஒப்பமிடலாம். மிச்ச வேலை அடுத்த கச்சான் காலத்துக்குப் போகும். இந்த மாரியைப் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கலாம், முழுப் பாதுகாப்பு என்று என்னால் உறுதி தர முடியாது.

இந்த ஆண்டு எதுவும் முடியாது என்பது தங்கள் முடிவானால், அதையும் 26ஆம் திகதிக்குள் அறிந்தால் போதும். தீபாவளிச் சரக்கில் ஒரு பகுதியை வைக்க நகரத்துக்குள் வாடகைக்கு இடம் பார்க்கலாம், அல்லது மாவின் அளவைக் குறைத்து இரண்டு தடவையாக இறக்கலாம். இரண்டுக்கும் செலவு உண்டு, ஆனால் நனைந்த மூடையைவிடக் குறைவு. முடிவே வராமல் ஒக்டோபர் 8 வந்துவிட்டால் இந்த ஏற்பாடு எதற்கும் நேரமிருக்காது.

படங்கள், மூன்று விலைமனுக்கள், நிரப்பிய படிவம், கூட்டக் குறிப்பு, நிதிப் பிரிவின் பதில், மேலே சொன்ன மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இத்துடன் இணைத்திருக்கிறேன். பழைய கோப்பைத் தேடவேண்டிய அவசியமில்லை, இதையே மூலமாக வைத்து ஒப்பமிடலாம். பிராந்திய முகாமையாளரின் பரிந்துரைக் கையொப்பமும் தேவை என்றால், புதன்கிழமை காலை மட்டக்களப்புக்கு நானே கொண்டு போகிறேன். அவர் அன்று கல்முனையில் இருந்தால் அங்கேயும் போக முடியும்.

தாங்கள் பேச விரும்பினால், காலை ஏழு மணிக்குப் பிறகு எந்த நேரமும் களஞ்சியத் தொலைபேசியில் கிடைப்பேன். மத்தியானம் லொறி ஏற்றும்போது மட்டும் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
களஞ்சியப் பொறுப்பாளர்
திருகோணமலை