முந்திரித் தொழிலை மூடியவர் எழுதும் வேலை விண்ணப்பக் கடிதம்

கடலூர்,
14 ஜூலை 2025

அனுப்புநர்:
ச. கதிரவன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
இனிப்பு, பிஸ்கட் தயாரிப்புப் பிரிவு,
சேதராப்பட்டு தொழிற்பேட்டை, புதுச்சேரி.

பொருள்: கொள்முதல் மற்றும் ஸ்டோர்ஸ் அலுவலர் பணி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் விண்ணப்பத்தைப் பார்த்த உங்கள் மேலாளர் போனில் பேசினார். “இத்தனை வருஷம் முதலாளியாக இருந்தவர் நீங்கள். ஏன் மூடினீர்கள், இங்கே வந்து எங்களுக்கு என்ன பயன், எழுதி அனுப்புங்கள்” என்றார். நியாயமான கேள்விதான். பயோடேட்டாவில் இதற்கு இடமில்லை என்பதால் தனியாக எழுதுகிறேன்.

ஜிஎஸ்டி வந்த 2017-ல் தொழிலைத் தொடங்கினேன். பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிக் கொட்டை வாங்கி, கூலிக்கு உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து டின்னில் அடைப்போம். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி இனிப்புக் கடைகளும் பேக்கரிகளும்தான் வாடிக்கையாளர்கள். 2025 மார்ச்சில் மூடினேன்.

போன டிசம்பரில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம்தான் காரணம் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை, கேட்பவர்களுக்கு அது சுலபமான பதில். குடோனில் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் பலகை போட்டு ஏற்றி அடுக்கியிருந்ததால் அடி வரிசை மட்டும்தான் போனது. தொழிலை முடக்கியது கடன் கணக்கு.

கொட்டை விற்பவர் ரொக்கம் கேட்பார். உரிக்கிற அம்மாக்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். கடைக்காரர்களோ 90 நாள் என்பார்கள். மாதம் 10 லட்சத்துக்கு விற்றால் எப்போதும் 30 லட்சம் வெளியில் நிற்கும். 12 சதவீத வட்டியில் அதற்கு மாதம் 30,000 ரூபாய் போய்விடும். என் லாபம் 4 சதவீதம், அதாவது 40,000. மிச்சம் 10,000 ரூபாயில் தேய்மானம், உடைசல், என் குடும்பம் எல்லாம் அடங்க வேண்டும். அப்புறம் ஒரு பெரிய வாடிக்கையாளர் தீபாவளி சரக்குக்கு ஏழு மாதம் கழித்து, அதுவும் தரக்குறைவு என்று பிடித்தம் செய்து பணம் தந்தார். கணக்குப் புத்தகத்தில் அந்த வருஷமும் லாபம்தான். வங்கியில் பணம் இல்லை.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் தேடுவது வாங்குகிற ஆளை. நான் இத்தனை வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். சின்ன சப்ளையர் கொட்டேஷன் எழுதும்போது மனதில் என்ன கணக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியும்.

கிலோ 800 ரூபாய் முந்திரிப் பருப்புக்கு 90 நாள் வட்டியே 24 ரூபாய். நாள் தள்ளிக் கொடுப்பவருக்கு அதை ஏற்றித்தான் விலை சொல்வேன், பத்து நாளில் கொடுப்பவருக்கு 780-க்கே கொடுத்திருக்கிறேன். பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைத்த திருப்தியில் இருந்தவர்கள் அந்த 800-க்கு மேல் பத்தொன்பது ரூபாய் அதிகம் கொடுத்தார்கள். விலை மட்டுமல்ல, புதுச் சரக்கு முதலில் யாருக்குப் போகும், சரக்குத் தட்டுப்பாட்டில் யாருக்கு ‘வண்டி கிடைக்கவில்லை’ என்று பதில் போகும் என்பதும் பணம் வரும் தேதியைப் பொறுத்ததுதான். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

சட்டமும் இப்போது வாங்குபவரை நெருக்குகிறது. குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் என்பது அவர்களுக்கான 2006 சட்டத்திலேயே உண்டு. அந்தக் கெடு தாண்டிய பாக்கியைக் கொடுக்கும் வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்துவிட்டது. உற்பத்தியோ சேவையோ செய்கிற சின்னவர்களிடம் வாங்கும்போதுதான் இது பொருந்தும், வெறும் வியாபாரிக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு சப்ளையரின் உத்யம் சான்றையும் வாங்கிப் பார்த்து வகை பிரித்து வைப்பது என் முதல் மாத வேலையாக இருக்கும். ஜிஎஸ்டியிலும் இதே மாதிரிதான். சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ஆம் தேதிக்குள் போடாவிட்டால், 14-ஆம் தேதி வரும் உங்கள் 2பி பட்டியலில் அந்த பில் இருக்காது, நீங்கள் கட்டிய வரிக்கான வரவு நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் வரித் தொகையை விடுவிக்க வேண்டும். சப்ளையருக்கு ஒரு போன் போட்டு, இதை நானே முடித்துக்கொள்வேன்.

சரி, ஸ்டோர்ஸுக்கு வருகிறேன். நீங்கள் வாங்குவதில் பருப்பு விலை அதிகமான பொருள். டின்னின் மேல் அடுக்கை நம்பக் கூடாது. தட்டில் கொட்டி, அடியில் இருந்ததில் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடுத்து எண்ண வேண்டும். டபிள்யூ 320 என்றால் 300-லிருந்து 320 முழுப் பருப்புக்குள் இருக்க வேண்டும். 350-ஐத் தாண்டினால் சின்னதைக் கலந்திருக்கிறார்கள். ஈரம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இல்லாத நாளில் இரண்டு விரலில் உடைத்துப் பார்த்தாலே தெரியும்: காய்ந்தது படக்கென்று முறியும், ஈரமானது வளைந்து கொடுக்கும். ஈரப் பருப்பு எடைக்கு நல்லது, விற்பவருக்கு மட்டும். ஐப்பசி மழையில் அது உங்கள் கத்லியில் காறல் வாசனையாக வெளியே வரும்.

மைதா, நெய், பேக்கிங் ஃபிலிம் வாங்கிய அனுபவம் எனக்கு இல்லை. அவற்றை உங்கள் ஆட்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும், மூன்று மாதம் ஆகலாம்.

முதலாளியாக இருந்தவன் ஒருத்தருக்குக் கீழே வேலை செய்வானா, நாளைக்கே திரும்பக் கடை போடுவானா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கும். இயந்திரங்களையும் ஒரு மனையையும் விற்று வங்கிக் கடனை முடித்துவிட்டேன். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்து இறுதிக் கணக்கும் தாக்கல் செய்தாயிற்று. பண்ருட்டியில் யாருக்கும் பாக்கி இல்லை, விசாரித்துக்கொள்ளலாம். என் பெண் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இனி மாதம் முதல் தேதி நிச்சயமாக வருகிற சம்பளம் வீட்டுக்கு வேண்டும். உத்தரவு கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை. தப்பு என்று பட்டால் ஒரு முறை சொல்வேன், முடிவு உங்களுடையது. மாதம் 32,000 ரூபாய் எதிர்பார்க்கிறேன். ஆறு மாதம் தகுதிகாண் காலத்துக்கும் சம்மதம். வேலை உறுதியானால் புதுச்சேரியிலேயே வாடகை வீடு பார்த்துக்கொள்வேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். நான் சப்ளையரிடம் பணம் தரும் தேதி ஒன்றைச் சொன்னால், உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு அந்தத் தேதியில் அனுப்ப வேண்டும். 30 நாளா 40 நாளா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் சொன்ன தேதி மாறாமல் இருந்தால், பேசிக் குறைக்க முடியாத விலையையும் என்னால் குறைத்து வாங்க முடியும். முடியாது என்றால் நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வரும் வாரம் எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன். கடைசி இரண்டு வருஷக் கணக்கு, தணிக்கை அறிக்கை, வங்கியின் கடன் முடிந்த கடிதம் மூன்றின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. கதிரவன்