நாற்காலி

படத்தில் இருப்பது அறையின் மூலை, சன்னல் வெளிச்சம், இடுப்பளவு உயரத்துக்குக் குவிந்த துணிகள், அவற்றுக்குக் கீழே தரையைத் தொடும் நான்கு மரக்கால்கள். அந்தப் படத்தின் கீழே அச்சிட நான் எழுதிய வரிகள் இவை:

“இது ஒரு நாற்காலி.”

“இதில் ஒருவர் அமரலாம்.”

“ஒருமுறை மட்டும் உடுத்தப்பட்டதால் அலமாரிக்கும் போக முடியாமல், அழுக்குக் கூடைக்கும் போக முடியாமல் நிற்கும் துணிகள், எங்கே போவது என்ற முடிவு எடுக்கப்படும் வரை இங்கே தற்காலிகமாக வைக்கப்பட்டுள்ளன. வைக்கப்பட்ட ஆண்டு 2021.”

“நான்கு நாட்களாகத் தேடப்பட்டு வரும் நீலச் சட்டையின் கை, வலப்புறத்தில், கீழிருந்து இரண்டாவது மடிப்பில் தெரிகிறது. தேடல் தொடர்கிறது.”

“விருந்தினர் வருகையை முன்னிட்டு இவை அனைத்தும் மாலை ஐந்து மணிக்குக் கட்டிலுக்கு மாற்றப்பட்டன, உறங்கும் நேரம் வந்ததும், ஒன்றுகூட மடிக்கப்படாமல், அதே வரிசையில் நாற்காலிக்குத் திரும்பின.”

“இடப்பக்கம் தொங்கும் துண்டு ஈரமாக இருந்தது.”

“கூடுதல் இடம் தேவைப்பட்டதால் இரண்டாவது நாற்காலி வாங்கப்பட்டது.”

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது முதல் வரி. “இது ஒரு நாற்காலிதான்” என்று முதலில் எழுதியிருந்தேன். அந்தத் ‘தான்’ படத்தைப் பார்த்துச் சிரிக்கும்படி வாசகரின் தோளைத் தட்டியதால் அதை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரிக்குத்தான் இடமென்றால், அதையே படத்தின் கீழே, முற்றுப்புள்ளியுடன், சிறிய எழுத்தில் அச்சிடுங்கள்.