கட்டடக்கலை வல்லுநர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணிகத் தள்ளுபடி: கெடிலம் பிளாக்ஸ் நிறுவனத்தின் கடிதம்

அனுப்புநர்:
க. இளஞ்செழியன், உரிமையாளர்,
கெடிலம் பிளாக்ஸ்,
கடலூர் – விருத்தாசலம் சாலை, குள்ளஞ்சாவடி,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
கடலூர், புதுச்சேரி பகுதிகளில் பணிபுரியும் கட்டடக்கலை வல்லுநர்கள், கட்டடப் பொறியாளர்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள்.

நாள்: 7 சனவரி 2026

பொருள்: ஃபிளை ஆஷ் கல், சாலிட் பிளாக், பேவர் பிளாக், கவர் பிளாக் ஆகியவற்றுக்கு வணிகத் தள்ளுபடி அளிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மார்கழி முடிந்து தை பிறந்ததும் நம் பகுதியில் கடைக்கால் தோண்டும் வேலைகள் வரிசையாகத் தொடங்கும் என்பதால், அதற்கு முன்பாகவே இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன். நெய்வேலியிலிருந்து வரும் சாம்பலைக் கொண்டு ஃபிளை ஆஷ் கற்களும், அதே வளாகத்தில் சாலிட் பிளாக், பேவர் பிளாக், கவர் பிளாக் ஆகியவையும் தயாரித்து வருகிறோம். இதுவரை எங்கள் விற்பனையில் பெரும்பகுதி வீடு கட்டுவோர் நேரில் வந்து வாங்கியதே. எந்தக் கல்லை எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் நீங்கள்தான் என்பதால், வரும் பிப்ரவரி 1 முதல் உங்களுடன் எழுத்துப்பூர்வமான ஒரு வணிக ஏற்பாட்டுக்கு வர விரும்புகிறோம்.

தள்ளுபடி விவரத்துக்குள் போகுமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பொருளைச் சிபாரிசு செய்பவருக்கு லோடு ஒன்றுக்கு இவ்வளவு என்று தனியே கமிஷன் கொடுக்கும் வழக்கம் இத்தொழிலில் உண்டு என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. அந்தத் தொகை கடைசியில் வீட்டுக்காரரின் விலையில்தான் ஏறுகிறது. அதோடு, கட்டடக்கலை வல்லுநர்களின் தொழில்நெறி விதிகளும் (1989) இத்தகைய கமிஷன்களுக்கு இடம் தருவதில்லை. ஆகவே கட்டடக்கலை வல்லுநர்களுக்கு நாங்கள் எந்தத் தொகையும் தரப்போவதில்லை. தருவதாகச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தவும் விரும்பவில்லை. தரவிருக்கும் தள்ளுபடி முழுவதும் உங்கள் வாடிக்கையாளரின் விலைப்பட்டியலிலேயே, அவர் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு வரியாக வரும்.

நடைமுறை எளிது. உங்கள் அலுவலகத் தாளில், பணியின் இடத்தையும் பொருளின் வகையையும் குறிப்பிட்டு நீங்கள் தரும் ஒரு பரிந்துரைக் குறிப்புடன் வீட்டுக்காரர் எங்களிடம் வந்தால், பட்டியல் விலையில் ஃபிளை ஆஷ் கல்லுக்கும் சாலிட் பிளாக்குக்கும் 7 விழுக்காடும், பேவர் பிளாக்குக்கு 10 விழுக்காடும், கவர் பிளாக்குக்கு 15 விழுக்காடும் குறைத்துத் தருவோம். ஓர் எடுத்துக்காட்டு: எங்கள் 9×4×3 அங்குலக் கல்லின் இன்றைய பட்டியல் விலை ரூ.8.50. ஒரு வீட்டுக்கு 18,000 கற்கள் வாங்கினால் ரூ.1,53,000 ஆகும், அதில் ரூ.10,710 கழித்து, எஞ்சிய ரூ.1,42,290-க்கு மட்டுமே ஜி.எஸ்.டி. கணக்கிடப்படும். விலைப்பட்டியலிலேயே தள்ளுபடியைக் காட்டினால் வரியும் குறைந்த மதிப்பின் மீதே விழும் என்பதால், வெளிப்படையாகத் தருவதில் வீட்டுக்காரருக்கு இரட்டை ஆதாயம் இருக்கிறது.

ஒப்பந்தக்காரர்களின் நிலை வேறு. பொருளை வாங்குபவர்களும், பணம் கட்டுபவர்களும், உடைந்ததற்கும் குறைந்ததற்கும் பொறுப்பேற்பவர்களும் நீங்களே என்பதால் தள்ளுபடியும் உங்களுக்கே உரியது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள ஒப்பந்தக்காரர்களுக்குக் கற்களிலும் சாலிட் பிளாக்கிலும் 9 விழுக்காடும், பேவர் பிளாக்கில் 12 விழுக்காடும், கவர் பிளாக்கில் 18 விழுக்காடும் தருகிறோம். மூன்று மாதங்களுக்குள் வரி நீங்கலாக ரூ.4 லட்சத்துக்கு மேல் கொள்முதல் செய்தால், அந்தக் காலாண்டின் மொத்தத்தில் மேலும் 2 விழுக்காட்டை, எந்தெந்த விலைப்பட்டியலுக்குரியது என்று குறித்து, கிரெடிட் நோட்டாக அனுப்புவோம். அதற்கேற்ப உள்ளீட்டு வரி வரவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், இந்தக் கடிதத்தின் பிரதியை உங்கள் ஆடிட்டரிடமும் கொடுத்து வைப்பது நல்லது. ஒரே பணிக்கு வல்லுநரின் பரிந்துரைத் தள்ளுபடியையும் ஒப்பந்தக்காரர் தள்ளுபடியையும் சேர்த்துத் தர இயலாது. யார் பெயரில் விலைப்பட்டியல் போடப்படுகிறதோ அவருக்குரியது மட்டுமே பொருந்தும்.

விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு பொருளை உங்கள் பெயரைச் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டீர்கள் என்பதை அறிவேன். ஆகவே தரம் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, அதையும் எங்களுக்கு மிகக் குறைந்த வருமானம் தரும் பொருளான கவர் பிளாக்கிலிருந்தே தொடங்குகிறேன். சென்ற ஆண்டு தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீட்டில் சன் ஷேடின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுந்ததைப் பார்க்கப் போயிருந்தேன். பெயர்ந்த இடத்தில் கம்பி துருவேறி, விரலால் சுரண்டினாலே ஏடு ஏடாக உதிர்ந்தது. கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவே இருந்த கான்கிரீட்டை அளந்தால் 12 மி.மீ. கூட இல்லை. கவர் பிளாக்குக்குப் பதிலாக ஒரு துண்டு முக்கால் ஜல்லியைக் கம்பியின் கீழ் செருகியிருந்தார்கள். கான்கிரீட் போடும்போது அதன் மேல் ஆள் நடந்து, ஜல்லி சாய்ந்து, கம்பி கீழே இறங்கியிருக்கிறது. அந்த ஜல்லி அதே இடத்தில் படுத்தபடி அப்படியே தெரிந்தது. கடற்கரைச் சூழலுக்குத் திறந்திருக்கும் கான்கிரீட்டை ஐ.எஸ். 456 'கடுமையான' வகையில் சேர்த்து, குறைந்தது எம்30 தரமும் 45 மி.மீ. கவரும் கேட்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரைபடத்தில் 45 என்று எழுதுவது எளிது. காலை ஏழு மணிக்கு சென்ட்ரிங் மேல் நிற்கும் கம்பி கட்டுபவரின் கையில் அந்த அளவுப் பிளாக் இருந்தால்தான் அது நடக்கும். 20, 25, 30, 40, 45, 50 மி.மீ. அளவுகளில், பக்கத்தில் அளவு பதித்து, கட்டுக்கம்பி செருகியே தருகிறோம்.

ஃபிளை ஆஷ் கல்லைப் பொறுத்தவரை, நம் பகுதியில் முதலில் எழும் ஐயம் உப்புப் பூப்பதைப் பற்றியது. கரையோரக் கிணற்று நீரில் கல் அறுத்தால் சுவரில் வெள்ளை பூக்கும் என்பது அனுபவம். எங்கள் பட்டறை கடலிலிருந்து உள்ளே தள்ளியிருப்பதுடன், கலவைக்கும் நீராற்றலுக்கும் பயன்படும் நீரைப் பருவத்துக்கு ஒருமுறை சோதித்து, அந்த அறிக்கையைக் கேட்போருக்குக் காட்டுகிறோம். கற்களை 21 நாள் நனைத்த பிறகே ஏற்றுகிறோம். இந்த ஒழுங்கு ஒரு பிழையிலிருந்து கற்றது. மழைக்கு முன் தேவை கூடியிருந்த ஒரு மாதத்தில், பத்து நாள் கூட ஆகாத ஒரு லோடை அவசரத்தில் அனுப்பிவிட்டோம்; இறக்கும்போதே முனைகள் நொறுங்கின. அந்த ஒப்பந்தக்காரர் ஒரு கல்லைக் கையில் எடுத்து இன்னொரு கல்லோடு தட்டிக் காட்டினார். எழுந்த மந்தமான ஓசையே போதுமானதாக இருந்தது. 3,000 கற்களையும் திரும்ப எடுத்து வந்தோம். அன்று முதல் ஒவ்வொரு அடுக்கிலும் அறுத்த தேதியைச் சுண்ணாம்பால் எழுதி வைக்கிறோம். ஏற்றுமுன் உங்கள் ஆளே வந்து அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இறக்கும்போது உடைந்த கற்கள் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இருந்தால், மிகுதியை அடுத்த லோடில் விலையின்றிச் சேர்ப்போம். இறக்கிய அன்றே புகைப்படம் அனுப்பினால் போதும். பேவர் பிளாக்கில் நிறம் தொகுதிக்குத் தொகுதி சற்று மாறும். அதை மாறாது என்று சொல்ல மாட்டேன். ஒரு முற்றத்துக்கு வேண்டிய முழு அளவையும் ஒரே தொகுதியில் எடுத்துக்கொள்ளுங்கள். கார் நிற்கும் இடத்துக்கு 60 மி.மீ.-க்குக் குறைந்த பேவரை யார் கேட்டாலும் எங்கள் பட்டறையிலிருந்து தருவதில்லை.

கொண்டு சேர்ப்பது பற்றி: கடலூர் மாநகராட்சி எல்லைக்குள் முழு லோடுக்கு, அதாவது 3,000 கற்களுக்கு, வண்டி வாடகை இல்லை, இறக்குக்கூலி உங்களைச் சேர்ந்தது. புதுச்சேரிப் பணிகளுக்கு வாடகையை உள்ளபடியே தனி வரியாகக் காட்டுவோம். முள்ளோடை தாண்டினாலே வேறு ஆட்சிப்பகுதி என்பதால் விலைப்பட்டியலில் ஐ.ஜி.எஸ்.டி. வரும்; மதிப்பு ரூ.50,000-ஐத் தாண்டினால் இ-வே பில் எடுக்க வேண்டும். அதை நாங்களே எடுத்துவிடுகிறோம். பணியிட முகவரியை மட்டும் முதல் நாள் மாலைக்குள் சரியாகத் தர வேண்டுகிறேன்.

ஒப்பந்தக்காரர்களுக்கு முதல் மூன்று லோடுகள் ரொக்கம் அல்லது வங்கிப் பரிமாற்றம். அதன் பின் 21 நாள் தவணை. தவணை கடந்த விலைப்பட்டியலுக்குத் தள்ளுபடி பொருந்தாது என்ற ஒரு நிபந்தனையில் மட்டும் நான் தளர்த்திக்கொள்ளும் நிலையில் இல்லை. சிமென்ட் விலையும் சாம்பல் ஏற்றி வரும் வாடகையும் ஏறி இறங்கினாலும், எழுத்தில் தந்த விலையை 45 நாட்களுக்கு மாற்ற மாட்டோம். பட்டியல் விலை மாறும்போது 15 நாள் முன்னதாகத் தெரிவிப்போம். தள்ளுபடி விழுக்காடு 2027 சனவரி இறுதி வரை இப்படியே இருக்கும்.

கட்டடக்கலை வல்லுநர்களுக்கு நாங்கள் செய்யக்கூடியது வேறு வகை. உங்கள் அலுவலகத்துக்கு எல்லா அளவுகளிலும் மாதிரிகளையும், அமுக்க வலிமை, நீர் உறிஞ்சும் அளவு ஆகியவற்றின் சோதனை அறிக்கைகளையும் கட்டணமின்றி அனுப்புவோம். நீங்களே விரும்பிய ஆய்வகத்தில் கற்களைச் சோதிக்க நினைத்தால், அடுக்கிலிருந்து நீங்கள் கை வைத்த கற்களையே தருவோம். ஃபிளை ஆஷ் கல்லில் பழகாத கொத்தனார்கள் உள்ள பணியிடத்துக்கு, முதல் நாள் எங்கள் மேஸ்திரி ஒருவர் வந்து, எவ்வளவு நனைக்க வேண்டும், எவ்வளவு கனத்தில் சாந்து வைக்க வேண்டும் என்று உடனிருந்து காட்டுவார். செங்கலைப் போலவே தொட்டியில் ஊறப்போட்டு எடுத்துவிட்டு, பிறகு சாந்து பிடிக்கவில்லை என்று கல்லைக் குறை சொல்வது இன்னமும் நடக்கிறது.

உடன்பாடு இருப்பின், இணைத்துள்ள ஒரு பக்கப் படிவத்தில் நிறுவனப் பெயர், ஜி.எஸ்.டி. எண், தற்போது நடக்கும் பணிகளின் ஊர் ஆகியவற்றை நிரப்பி, சனவரி 28-க்குள் அனுப்பி வைக்க வேண்டுகிறேன். விழுக்காட்டிலோ தவணையிலோ மாற்றம் வேண்டுமெனில் படிவத்தின் ஓரத்திலேயே எழுதியனுப்பலாம். ஏற்க முடிந்ததை ஏற்று, முடியாததற்குக் காரணம் எழுதுவேன். பட்டறையைப் பார்க்க விரும்புவோர் பொங்கல் விடுமுறை நீங்கலாக எந்த வேலை நாளிலும் காலை 8 மணி முதல் 11 மணிக்குள் வந்தால், கல் அறுக்கும் வேலையை நடக்கும்போதே பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. இளஞ்செழியன்
உரிமையாளர், கெடிலம் பிளாக்ஸ்

இணைப்பு: விலைப்பட்டியல், பதிவுப் படிவம், கல் மற்றும் நீர் சோதனை அறிக்கைகளின் பிரதிகள்.