PB10-C பவர் பேங்க் திரும்பப் பெறப்படுகிறது: உங்களுடையது அதில் உண்டா?

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் மாடல் PB10-C-யைத் தயாரிப்பாளரே திரும்பப் பெறுகிறார். உள்ளே இருக்கும் லித்தியம் அயான் செல்லில் ஷார்ட் ஆகி, அதிகமாகச் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்பதுதான் காரணம். அறிவிப்பு நீளமானது, பாதிக்கு மேல் சட்ட வாசகம். வைத்திருப்பவர்களுக்குத் தேவையானதை மட்டும் இங்கே தருகிறேன்.

முதலில் பவர் பேங்கின் அடிப்பக்கம் பாருங்கள். மாடல் PB10-C என்றும், சீரியல் எண் C23 அல்லது C24 என்றும் தொடங்கினால் உங்களுடையது பட்டியலில் இருக்கிறது. இரண்டும் பொருந்த வேண்டும். C25 என்று தொடங்குபவற்றில் வேறு செல் இருப்பதால் பிரச்சினை இல்லை. பார்க்க அச்சாக இதே மாதிரி இருக்கும் PB10-A-யும் பட்டியலில் இல்லை. கறுப்பு நிறத்தில் மட்டும்தான் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுத்து ரொம்பப் பொடிசு. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பது சுலபம். எண் அழிந்து போயிருந்தால், பாதிக்கப்பட்டது என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அறிவிப்பு.

பட்டியலில் இருந்தால் இப்போதே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். ஆனால் இந்தக் கோளாறு சார்ஜ் ஏறும்போதுதான் வெளிப்படும் என்றில்லை, சும்மா கிடக்கும்போதும் சூடாகலாம். வயரைக் கழற்றிவிட்டு, துணி, காகிதம், மெத்தை எதுவும் அருகில் இல்லாத இடத்தில், தரையிலோ கல்லிலோ வையுங்கள். சார்ஜைத் தீர்க்கிறேன் என்று போனில் செருக வேண்டாம். திறக்கவோ குத்தவோ கூடாது. விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோகக் கூடாது, பெட்டியிலும் கூடாது. ஏற்கெனவே உப்பியிருந்தாலோ, கெமிக்கல் வாடை வந்தாலோ வீட்டுக்கு வெளியே ஒதுக்குப்புறமாக வைப்பது நல்லது. புகை வந்தால் கிட்டே போகாமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

அப்புறம், மாற்றுப் பொருள் அல்லது முழுப் பணம், இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். பில் தேவையில்லை. பரிசாக வந்ததற்கும் பழையதாக வாங்கியதற்கும் இது பொருந்தும். தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள படிவத்தில் சீரியல் எண்ணை நிரப்பி, ஒரு படம் இணைக்க வேண்டும். அந்தப் படத்தில் பவர் பேங்க் மேல் அழியாத மையால் உங்கள் பெயரும் தேதியும் எழுதியிருக்க வேண்டும், சீரியல் எண்ணும் தெரிய வேண்டும். படிவம் ஏற்கப்பட்ட தகவல் வரும்வரை பொருளைக் கைவிடாதீர்கள்.

கூரியரில் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை, நீங்களாகவும் அனுப்பாதீர்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் வண்டியிலேயே தீப்பிடிக்கக்கூடும். கடைகளில் இருக்கும் பழைய பேட்டரிப் பெட்டியும் இதற்கானது அல்ல. உள்ளாட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில், "திரும்பப் பெறப்பட்ட லித்தியம் பேட்டரி" என்று முன்கூட்டியே சொல்லி, வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

படிவத்தில் கார்டு எண்ணோ ஓடிபியோ கேட்கப்படாது. கேட்டு யாராவது போன் செய்தால் அது மோசடி.