நவம்பர் 2025: எந்த தேதியில் என்ன கட்ட வேண்டும்?

1/8
திருப்பூரில் நிட்டிங், பிரிண்டிங், ஸ்டிச்சிங் யூனிட் நடத்துபவர்களுக்கு.
தீபாவளி லீவு முடிந்து ஆட்கள் இப்போதுதான் திரும்புகிறார்கள். அதற்குள் அக்டோபர் கணக்கின் தேதிகள் வந்துவிட்டன. இதைச் சேமித்து வையுங்கள்.

2/8
7, வெள்ளி: டிடிஎஸ்
அக்டோபரில் பிடித்த டிடிஎஸ் இந்தத் தேதிக்குள் கட்டப்பட வேண்டும்.
ஒரு நாள்தானே என்று விடாதீர்கள். அக்டோபர் 25-ல் பிடித்த ₹20,000-ஐ நவம்பர் 8-ல் கட்டினால் இரண்டு மாத வட்டி. மாதம் 1.5% வீதம் ₹600 போய்விடும்.

3/8
11, செவ்வாய்: GSTR-1
உங்கள் கணக்கு பார்க்கும் எங்களுக்கு மிக முக்கியமான தேதி இதுதான். இதில் உங்கள் பார்ட்டியின் பணம் இருக்கிறது.
₹2,00,000-க்கு ஜாப் ஒர்க் பில் போட்டிருக்கிறீர்கள். 5% ஜிஎஸ்டி ₹10,000. அந்த பில் GSTR-1-ல் ஏறினால்தான் 14-ஆம் தேதி வரும் அவருடைய GSTR-2B-யில் தெரியும். விட்டுப்போனால் அந்த கிரெடிட் இந்த மாதம் அவருக்குக் கிடையாது, கைக்காசு போட்டு வரி கட்டுவார். அடுத்த ஆர்டர் யாருக்குப் போகும் என்று யோசியுங்கள்.

4/8
காலாண்டு ரிட்டர்ன் போடுபவரா?
(₹5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள்)
13, வியாழன்: IFF. கட்டாயமில்லை. ஆனாலும் பார்ட்டிக்கு கிரெடிட் தாமதமாகாமல் இருக்க இதில் பில்லை ஏற்றிவிடச் சொல்கிறோம்.
25, செவ்வாய்: PMT-06 சலானில் வரி.

5/8
15, சனி: பிஎஃப், இஎஸ்ஐ
வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். சனிக்கிழமை பேங்க் பிரச்சினை வந்தால் கேட்க ஆள் இருக்காது.
சம்பளத்தில் பிடித்த தொகை தொழிலாளியின் காசு. வேறு செலவுக்கு ஒருநாள்கூடத் திருப்பாதீர்கள்.
பிஎஃப்: 20 பேர் முதல். இஎஸ்ஐ: 10 பேர் முதல், மாதச் சம்பளம் ₹21,000 வரை உள்ளவர்களுக்கு.

6/8
20, வியாழன்: GSTR-3B
(மாத ரிட்டர்ன் போடுபவர்கள்)
தாமதமானால் நாளுக்கு ₹50, நில் ரிட்டர்னுக்கு ₹20. கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18% வட்டி தனி.
தொடர்ந்து இரண்டு மாதம் போடாவிட்டால் இ-வே பில் எடுக்க முடியாது. சரக்கு குடோனிலேயே நிற்கும்.

7/8
“பார்ட்டி இன்னும் பணம் தரவில்லை, எப்படி ஜிஎஸ்டி கட்டுவது?”
வாரா வாரம் கேட்கும் கேள்வி. சிரமம் புரிகிறது. ஆனால் பில் போட்டால் வரி விழுந்துவிடும், வசூலுக்காகக் காத்திருக்காது. காசு இல்லை என்று GSTR-1-ஐ நிறுத்தாதீர்கள், அதற்குப் பணம் தேவையில்லை. 20-ஆம் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது, வசூலுக்கு அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள்.

8/8
எங்களுக்கு அனுப்ப வேண்டியவை
3-ஆம் தேதிக்குள்: டிடிஎஸ் பிடித்த விவரம்
5-ஆம் தேதிக்குள்: விற்பனை பில்கள், கிரெடிட் நோட்
8-ஆம் தேதிக்குள்: வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல்
12-ஆம் தேதிக்குள்: கொள்முதல் பில்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்
வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும், பில் நம்பரும் ஜிஎஸ்டி நம்பரும் தெளிவாகத் தெரியட்டும்.