நூல் கணக்கு

ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அப்பா எனக்குச் சொல்லித்தந்த முதல் கணக்கு அதுதான். மில்லிமீட்டர் எல்லாம் பள்ளிக்கூடம் போன பிறகு வந்தது.

பேராவூரணியில் எங்கள் பட்டறை. பின்சுவரோரம் பலாப் பலகைகள் அடுக்கி இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்கள். ஊரே தென்னையும் பலாவுமாகப் படுத்துக் கிடந்தபோது அப்பா கடன் வாங்கி மூன்று மரத்தை அறுத்துப் போட்டார். "காயட்டும், நல்ல வேலை வரும்" என்றார். வந்தவர்களோ கைப்பேசியில் ரெடிமேட் படத்தைக் காட்டி, "செஞ்சா எப்படி இருக்கும்னு முதல்ல காட்டுங்க" என்றார்கள். அப்பா காதில் செருகிய பென்சிலை எடுத்துப் பலகைத் துண்டில் நாலு கோடு இழுப்பார். அவருக்கு அதில் முழு அலமாரியும் தெரியும். அவர்களுக்கு நாலு கோடுதான் தெரியும்.

அதனால்தான் கிளை நூலகத்துக்குப் போனேன். அங்கே இரண்டு கம்ப்யூட்டர். நூலகர் அக்காவிடம் கேட்டதும் FreeCAD இறக்கித் தந்தார். அளவு கொடுத்து வரைகிற, காசு கட்ட வேண்டாத மென்பொருள். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்களுக்கு நடுவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். முதல் மாதம் ஒரு செவ்வகம்கூட நிற்கவில்லை. ஒரு பக்கத்தை இழுத்தால் மறுபக்கம் ஓடும். ஒவ்வொரு கோட்டுக்கும் அளவு கொடுத்துக் கட்டிப்போட்ட அன்று மொத்தப் படமும் பச்சையாக மாறியது. நான் போட்ட சத்தத்தில் அண்ணன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சித்திரையில் ஒரு டீச்சர் வந்தார். மகனுக்குப் படிக்கிற மேசை, கீழே கதவு வைத்த சின்ன அலமாரியோடு. வரைந்து அச்செடுத்துக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"254-ன்னா என்ன பாப்பா?"

"பத்து அங்குலம்ப்பா."

"அப்ப பத்துன்னே போட வேண்டியதுதானே." அப்புறம் கதவின் மேல் விரலை வைத்தார். "சட்டத்துல வெட்டுற காடி மூணு நூல் ஆழம். பலகையையும் மூணு நூல் உள்ள விட்டிருக்க. இப்ப சரியா உக்காரும். ஐப்பசி மழையில பலகை ஊதும்ல? அது எங்க போகும்?"

எனக்குப் பதில் வரவில்லை.

"சட்டத்தைப் பொளந்துரும். ரெண்டு பக்கமும் ஒரு நூல் விடு. பலகைக்குப் பசையும் போடக் கூடாது. அது உள்ளேயே நகரணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. திரையில் மரம் அசையாமல் நிற்கிறது. பட்டறையில் அது வெயிலுக்குச் சுருங்குகிறது, மழைக்கு ஊதுகிறது. அப்பாவுக்குத் தெரிந்த அந்த அசைவை எப்படி உள்ளே கொண்டுபோவது?

அடுத்த சனிக்கிழமை FreeCAD-க்குள்ளேயே புதிதாக ஒரு விரிதாள் திறந்தேன். முதல் கட்டத்தில் 3.175 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒன்று. அதற்கு `nool` என்று பெயர் வைத்தேன். அடுத்த கட்டத்தில் சட்டத்துக்கு நடுவில் இருக்கும் இடைவெளிக்கு `idai`. பிறகு பலகையின் அகலத்தில் எண்ணே போடாமல் இப்படி எழுதினேன்:

```
Spreadsheet.idai + 4 * Spreadsheet.nool
```

பக்கத்துக்கு இரண்டு நூல் உள்ளே, ஒரு நூல் காலி. கதவு எந்த அளவுக்கு மாறினாலும் ஐப்பசிக்கு இடம் இருக்கும்.

இதைக் காகிதத்தில் காட்ட முடியாது என்பதால் அப்பாவையே நூலகத்துக்குக் கூப்பிட்டேன். வாசலில் நின்று வேட்டியில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அக்கா நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மேசையைத் திரையில் சுற்றிக் காட்டினேன். முன்பக்கத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"கவுத்துக் காட்டு."

கவிழ்த்தேன். குனிந்து, கால் சட்டத்தில் சேரும் இடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுந்து எவ்வளவு உள்ளே போகிறது என்று கேட்டார். மேல்பலகையை மறைத்துக் காட்டினேன். கை தன்னால் காதுப் பென்சிலுக்குப் போய்த் திரும்பி வந்தது.

"பையன் காலைத் தூக்கி வைப்பான். பின்னாடி ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு குறுக்குச் சட்டம் கொடு."

"எவ்ளோ கனம்ப்பா?"

"பத்து நூல்."

`10 * Spreadsheet.nool` என்று தட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.